26 பெட்டியா, 32 பெட்டியா: இரண்டு டைல்ஸ் கொட்டேஷனை எண்ணிப் பார்த்தபோது

சொந்தக்காரர் ஒருவர் வீட்டுத் தரைக்கு இரண்டு இடத்தில் கொட்டேஷன் வாங்கியிருந்தார். அதே ஹால், அதே படுக்கையறை, அதே நடை, அதே 600 × 600 மி.மீ. டைல்ஸ். ஒருவர் 26 பெட்டி என்கிறார், இன்னொருவர் 32 பெட்டி என்கிறார். 6 பெட்டி வித்தியாசம் என்றால் 24 டைல்ஸ், கிட்டத்தட்ட ஒரு சின்ன அறையின் தரை அளவு. குறைவாகச் சொன்னவர் நேர்மையானவர், அதிகமாகச் சொன்னவர் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று அவர் முடிவுக்கே வந்துவிட்டார். சரி, எண்ணிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று இரண்டையும் வாங்கி உட்கார்ந்தேன். கடைசியில் இரண்டுமே தவறு என்று தெரிந்தது, ஆனால் தவறு இருந்த இடம் நாங்கள் நினைத்த இடம் இல்லை. வேஸ்டேஜ் சதவீதத்தைப் பற்றித்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள், இங்கே சதவீதத்தில் பெரிய குறை எதுவும் இல்லை.

முதலில் அறைகளின் அளவு. பூச்சு வேலை முடிந்த பிறகு சுவருக்குச் சுவர் டேப் வைத்து எடுத்தது: ஹால் 18 அடிக்கு 11 அடி 6 அங்குலம், படுக்கையறை 12 அடிக்கு 10 அடி 6 அங்குலம், நடை 10 அடிக்கு 3 அடி 6 அங்குலம். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு முனையிலும் நடுவிலும் அளந்து பெரியதை எடுத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் எதிரெதிர்ச் சுவர்கள் சரியான இணையாக இருப்பது அபூர்வம், டைல்ஸ் அகலமான முனைக்கும் போய்ச் சேர வேண்டுமே. இந்த அளவுகளின்படி 207, 126, 35, மொத்தம் 368 சதுர அடி.

முதல் கொட்டேஷனில் இதே 368 இருந்தது. அதற்கு மேல் 10 சதவீதம் சேர்த்து 404.8, அதை 26 பெட்டி என்று போட்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்கு எத்தனை சதுர அடி என்று எங்கேயும் எழுதவில்லை. இப்படி எழுதாமல் விட்டிருந்தால் நாமே திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்: 404.8 ஐ 16 ஆல் வகுத்தால் 25.3, மேலே ஏற்றினால் 26. ஆக, பெட்டிக்கு 16 சதுர அடி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 2 அடிக்கு 2 அடி டைல்ஸ், ஒன்று 4 சதுர அடி, பெட்டிக்கு 4 டைல்ஸ், அதனால் 16. பேச்சு வழக்கில் எல்லாரும் 2 × 2 என்றுதான் சொல்கிறோம், ஆனால் டைல்ஸ் 600 மி.மீ., 2 அடி என்பது 609.6 மி.மீ. ஒரு டைல்ஸ் உண்மையில் 3.875 சதுர அடிதான். பெட்டியின் மேலேயே 4 எண்ணிக்கை, 1.44 சதுர மீட்டர் என்று அச்சடித்திருக்கும், அது 15.5 சதுர அடி. பெட்டிக்கு அரை சதுர அடி குறைகிறது, சின்னதாகத்தான் தெரியும், 26 பெட்டியில் 13 சதுர அடி ஆகிவிடும், அது 3 டைல்ஸுக்கும் மேல். 404.8 ஐ 15.5 ஆல் வகுத்தால் 26.1, அதாவது அவர்கள் கணக்குப்படியே 27 பெட்டி வந்திருக்க வேண்டும்.

இதற்காகக் கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். குறைவாகச் சொல்வதால் அவருக்கு லாபம் இல்லை. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கும்போது தொகை கம்மியாகத் தெரியும், வேலை நடுவில் இன்னும் 4 பெட்டி வாங்க வருவோம், அப்போது அதே ஷேடு இருக்குமா என்பதுதான் நம் தலைவலி. ஒரே டிசைன், ஒரே எண் என்றாலும் வேறு பேட்சில் சுட்ட டைல்ஸ் நிறத்தில் ஒரு இழை மாறும், அளவில்கூட அரை மி.மீ. ஒரு மி.மீ. மாறலாம். தனித்தனியாகப் பார்த்தால் தெரியாது, தரையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டதும் கண்ணில் குத்தும். அதனால் தரை டைல்ஸில் ஒரு பெட்டி மிஞ்சுவதைவிட ஒரு பெட்டி குறைவது பல மடங்கு மோசம்.

இரண்டாவது கொட்டேஷனில் பரப்பளவு 419 சதுர அடி என்று இருந்தது. அளந்தது 368, இது 51 அதிகம். எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியிருந்தது. வரைபடத்தைக் கையில் எடுத்துப் பார்த்தபோது புரிந்தது: வரைபடத்தில் அளவுகள் சுவரின் நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரை குறிக்கப்பட்டிருந்தன. சுவர் 9 அங்குலம், அப்போது ஒவ்வொரு பக்கமும் அரைச் சுவர் சேர்ந்து நீளத்திலும் அகலத்திலும் 9 அங்குலம் கூடுகிறது. ஹால் 18 அடி 9 அங்குலத்துக்கு 12 அடி 3 அங்குலம் ஆகிவிடுகிறது, மற்ற இரண்டும் அப்படியே. நடை மாதிரி ஒடுங்கிய இடத்தில் இது ரொம்பவே உதைக்கும்: 35 சதுர அடி 45.7 ஆகிறது, 30 சதவீதம் கூடுதல். அந்த 419 மேல் 15 சதவீதம் வைத்து, பெட்டியைச் சரியாக 15.5 என்று எடுத்து, 32 பெட்டி. சுவருக்கு அடியிலும் டைல்ஸ் போடுவது போன்ற கணக்கு. அதற்கு மேல் நேர்வரிசைப் பதிப்புக்கு 15 சதவீதமும் அதிகம்.

இதுவரை பார்த்தது கொட்டேஷன் தாளில் இருந்தே கண்டுபிடிக்கக்கூடியது. சரியான எண்ணிக்கை எது என்பதற்கு வரிசை வரிசையாக எண்ணித்தான் ஆக வேண்டும். ஒரு கட்டம் போட்ட தாள் போதும்.

2 மி.மீ. ஸ்பேசர் வைத்துப் பதிக்கிறோம், ஆக ஒரு டைல்ஸுக்கு 602 மி.மீ. இடம். ஹால் நீளம் 5486 மி.மீ. 602 ஆல் வகுத்தால் 9 முழு டைல்ஸ் போக 68 மி.மீ. மிச்சம். இந்த 68 தான் சிக்கல். ஒரு சுவரில் முழு டைல்ஸில் ஆரம்பித்துப் போனால் எதிர்ச் சுவர் ஓரம் நாலு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வரும், பார்க்கவும் நன்றாக இருக்காது, வெட்டும்போது உடையும், சுவர் கொஞ்சம் கோணல் என்றால் ஒரு முனையில் 68, மறு முனையில் 50 என்று அந்தக் கோணலை ஊருக்கே காட்டிக்கொடுக்கும். நல்ல வேலைக்காரர் என்ன செய்வார் என்றால் ஒரு முழு டைல்ஸைக் குறைத்து 8 முழு டைல்ஸை நடுவில் வைத்து, இரண்டு முனையிலும் சமமாக 335 மி.மீ. வெட்டு வைப்பார். பார்வைக்கு அதுதான் சரி. ஆனால் 335 என்பது பாதிக்கு மேல், ஒரு டைல்ஸிலிருந்து இரண்டு எடுக்க முடியாது. ஆக நீளவாக்கில் 8 இல்லை 9 இல்லை, 10 டைல்ஸ் வேண்டும். அகலம் 3505 மி.மீ., 5 முழு டைல்ஸ் போக 495 மி.மீ. வெட்டு, ஆக 6. பத்தாறு அறுபது. ஹாலுக்கு 60 டைல்ஸ். சதுர அடிப்படி 10 சதவீதம் சேர்த்தாலும் 59 தான் வரும், ஒன்றுதான் வித்தியாசம், பரவாயில்லை.

படுக்கையறையில்தான் சதவீதம் கைவிட்டது. நீளம் 3658 மி.மீ., 6 முழு டைல்ஸ் போக 46 மி.மீ. மிச்சம், அதே கதை. 5 முழு டைல்ஸ், இரண்டு முனையிலும் 324 வெட்டு, ஆக 7 டைல்ஸ். அகலம் 3200 மி.மீ., 5 முழு வரிசை போக 190 மி.மீ. ஒரு வரிசை. அந்த 190 வரிசையை அலமாரி வரும் சுவர்ப் பக்கம் தள்ளிவிடலாம், கண்ணுக்குத் தெரியாது. ஒரு டைல்ஸிலிருந்து 190 அகலத்தில் 3 துண்டு எடுக்கலாம், 7 துண்டுக்கு 3 டைல்ஸ். ஏழைந்து முப்பத்தைந்து, அதோடு 3, மொத்தம் 38. சதவீதக் கணக்கில் இந்த அறைக்கு 36 தான். நடைக்கு எண்ணினால் நீளவாக்கில் 6, அகலவாக்கில் 2, ஆக 12. சதவீதக் கணக்கு 10 என்கிறது. அறை சின்னதாகச் சின்னதாக வெட்டு விழும் பங்கு கூடிக்கொண்டே போகும், அதனால் ஒரே சதவீதத்தை ஹாலுக்கும் நடைக்கும் சேர்த்து வைப்பது ஹாலுக்கு ஓரளவு பொருந்தும், நடைக்குப் பொருந்தாது.

மூன்று அறைக்கும் 110 ஆயிற்று. இதற்குப் பிறகு இரண்டு கொட்டேஷனிலும் ஒரு வரிகூட இல்லாத இரண்டு விஷயம்.

ஒன்று, வாசல் இடைவெளி. அறையைச் சுவருக்குச் சுவர் அளந்தால் வாசலில் சுவர் கனத்துக்கு உள்ள தரை எந்த அறைக்கணக்கிலும் வராது. 3 அடி வாசல், 9 அங்குலச் சுவர். நடைக்குப் போகும் திறப்பு ஒன்று, படுக்கையறைக் கதவு ஒன்று, ஆளுக்கு ஒரு டைல்ஸ், 2 டைல்ஸ். சின்ன எண்தான், ஆனால் கடைசி நாளில் இந்த இரண்டு இல்லாமல்தான் வேலை நிற்கும்.

இரண்டு, ஸ்கர்ட்டிங். சுவர் ஓரம் ஏறும் 100 மி.மீ. பட்டை. அதே டைல்ஸை வெட்டித்தான் போடப்போகிறோம் என்று வீட்டுக்காரர் சொல்கிறார், கொட்டேஷன் அதைப் பற்றிப் பேசவே இல்லை. மூன்று அறைச் சுற்றளவும் கூட்டினால் 131 அடி, வாசல்களுக்கு 15 அடி கழித்தால் 116 அடி, அதாவது 35.4 மீட்டர். ஒரு முழு டைல்ஸை வெட்டினால் 100 மி.மீ. பட்டை 5 தேறும், பிளேடு தின்னும் கனத்தால் ஆறாவது கொஞ்சம் குறைந்துவிடும். 5 பட்டை என்றால் 3 மீட்டர். முழு டைல்ஸாகவே வெட்டினால் 12 டைல்ஸ் போகும், 3 பெட்டி.

ஆனால் அவ்வளவு தேவைப்படாது. ஹால் முனைகளில் 335 வெட்டினோமே, அதன் மீதி 265 மி.மீ. அகலம், 600 நீளம், அதில் இரண்டு பட்டை வரும். இரண்டு முனை, முழு வரிசை 5, ஆக 10 மீதித் துண்டு, 20 பட்டை, 12 மீட்டர். படுக்கையறை முனை வெட்டின் மீதி 276, அதிலும் இதே கணக்கு, இன்னொரு 12 மீட்டர். ஹாலில் 495 வெட்டிய வரிசையில் மீதி 105, பிளேடு கனம் போக சரியாக ஒரு பட்டை, முழு நீளமுள்ளவை 8, அதில் 4.8 மீட்டர். மொத்தம் 28.8 மீட்டர் மீதித் துண்டிலேயே தேறுகிறது! பாக்கி 6.6 மீட்டருக்கு 3 டைல்ஸ் போதும். நடையின் மீதித் துண்டுகளை நான் கணக்கில் சேர்க்கவில்லை, பட்டை வெட்டும்போது சில உடையும், அதற்கு ஈடாக இருக்கட்டும்.

இங்கே ஒரு கேள்வி வந்தது. படுக்கையறையில் அந்த 46 மி.மீ. பட்டை அலமாரிப் பக்கம் வருமாறு திருப்பிப் போட்டால் முனை வெட்டே வேண்டாமே, டைல்ஸ் மிச்சம் ஆகுமே என்று வீட்டுக்காரர் கேட்டார். நல்ல கேள்வி, எண்ணிப் பார்த்தோம். 38 க்குப் பதில் 33 போதும், 5 மிச்சம். ஆனால் முனை வெட்டு இல்லையென்றால் அந்த 12 மீட்டர் ஸ்கர்ட்டிங்கும் இல்லை, அதற்கு முழு டைல்ஸ் 4 வெட்ட வேண்டும். நிகர மிச்சம் ஒரே ஒரு டைல்ஸ். அந்த ஒன்றுக்காக அறையின் ஓரத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று விட்டுவிட்டோம். ஸ்கர்ட்டிங் வேறு பொருளில் போடுவதாக இருந்தால் இந்த முடிவே தலைகீழாக மாறியிருக்கும், அப்போது அந்த மீதித் துண்டெல்லாம் நிஜமாகவே குப்பை.

ஆக 60, 38, 12, வாசலுக்கு 2, ஸ்கர்ட்டிங்குக்கு 3, மொத்தம் 115 டைல்ஸ். முதல் கொட்டேஷனின் 26 பெட்டியில் இருப்பது 104. உடைசலே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் 11 டைல்ஸ் பற்றாது.

இப்போது அந்த 10 சதவீதத்துக்கு வருவோம். 115 டைல்ஸ் என்பது 445.6 சதுர அடி. தரை 368. வித்தியாசம் 21 சதவீதம். பார்த்ததும் 10 சதவீதம் என்று சொன்னது பொய், 20 சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஸ்கர்ட்டிங் சுவரில் பிடிக்கும் இடமே 38 சதுர அடி, வாசல் 4.5. இவை வேஸ்ட் இல்லை, கண்ணுக்குத் தெரிந்து பதிந்திருக்கும் டைல்ஸ். அவற்றைத் தரையோடு சேர்த்தால் மூட வேண்டிய பரப்பு 410.5 சதுர அடி. உண்மையில் குப்பைக்குப் போவது 35 சதுர அடி, எட்டரை சதவீதம். அதாவது 10 சதவீதம் சரியான எண்தான், அதைத் தப்பான பரப்பின் மேல் வைத்திருக்கிறார்கள். 410.5 மேல் 10 சதவீதம் போட்டு 15.5 ஆல் வகுத்தால் 29.1, மேலே ஏற்றினால் 30 பெட்டி. துண்டு எண்ணி வந்த 115 க்கு உடைசலாக 4 சேர்த்தால் 119, அதுவும் 30 பெட்டி, 120 டைல்ஸ். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நின்றதும்தான் எனக்கு இந்தக் கணக்கில் நம்பிக்கை வந்தது. பரப்பு வழியும் எண்ணிக்கை வழியும் ஒரு பெட்டிக்கு மேல் விலகினால் எங்கேயோ ஒரு அளவோ ஒரு இடமோ விட்டுப்போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம், விட்டுப்போனது கிடைக்கும் வரை ஆர்டர் கொடுக்கக் கூடாது.

இரண்டாவது கொட்டேஷனின் 32, சரியான எண்ணுக்கு அருகில்தான் இருக்கிறது. ஆனால் சுவருக்கு அடியில் இருந்த 51 சதுர அடி தற்செயலாக ஸ்கர்ட்டிங்கின் இடத்தை நிரப்பியதால் அப்படி வந்திருக்கிறது. இதே ஆள் இதே முறையில் ஸ்கர்ட்டிங் இல்லாத ஒரு வீட்டுக்குக் கணக்குப் போட்டால் 4, 5 பெட்டி சும்மா மிஞ்சும். விடை அருகில் வந்ததால் முறை சரி என்று நினைத்துவிடக் கூடாது.

இந்த எண்கள் நேர்வரிசையாகப் பதிப்பதற்கு, எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே மாதிரி இருக்கும் சாதா டைல்ஸுக்கு. மூலைவாட்டில் 45 டிகிரியில் பதித்தால் நாலு சுவர் ஓரமும் முக்கோணமாக வெட்டு விழும், 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்வது நியாயம். மரக்கோடு, கல் நரம்பு மாதிரி ஒரு திசையில் ஓடும் டிசைன் என்றால் மீதித் துண்டைத் திருப்பிப் போட முடியாது, நான் மேலே எண்ணிய 190 மி.மீ. துண்டுகளில்கூட சில தேறாமல் போகும், கோடு நெட்டாக ஓடும் பட்டையும் குறுக்காக ஓடும் பட்டையும் ஒரே சுவரில் வந்தால் ஸ்கர்ட்டிங்கும் ஒப்பேறாது. அப்படிப்பட்ட டைல்ஸுக்குத் தாளில் ஒவ்வொரு கட்டத்திலும் அம்புக்குறி போட்டு எண்ண வேண்டும்.

வீட்டுக்காரர் முதல் கடையிலேயே வாங்கினார், கொட்டேஷனை மட்டும் திருத்தி வாங்கச் சொன்னேன். திருத்தியதில் இருக்க வேண்டும் என்று கேட்டது: அறைவாரியான அளவு, வாசலும் ஸ்கர்ட்டிங்கும் தனி வரியாக, பெட்டிக்கு 4 டைல்ஸ் 1.44 சதுர மீட்டர் என்ற குறிப்பு, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் ஒரே ஷேடு என்ற உறுதி, பிரிக்காத பெட்டியை எத்தனை நாளுக்குள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை, “எண்ணிக்கை நீங்களே கொண்டுவந்துவிட்டால் எனக்கும் பின்னால் பேச்சு வராது” என்றார். 30 பெட்டி வேலைக்கு, 1 பெட்டி பின்னாளில் பழுது பார்க்க, மொத்தம் 31 ஆர்டர் ஆனது. வந்து இறங்கியதும் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த பேட்ச் எண்ணை 31 பெட்டியிலும் பார்த்தோம், இரண்டு பெட்டி வேறு எண், அன்றே மாற்றிக்கொடுத்தார்கள். பதித்த பிறகு கேட்டிருந்தால் மாற்றியிருக்க மாட்டார்கள், மாற்றவும் முடியாது.

பதிப்பவரிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தோம்: முனை வெட்டின் மீதித் துண்டை வெளியே எறிய வேண்டாம், ஸ்கர்ட்டிங் முடியும் வரை அகலவாரியாக அடுக்கி வையுங்கள் என்று. இதைச் சொல்லாவிட்டால் அந்த 28.8 மீட்டரும் தாளில் மட்டும்தான் இருக்கும், வேலைக்காரர் கைக்குக் கிடைத்த முழு டைல்ஸை எடுத்து வெட்டிவிடுவார், அவருக்கு அதுதான் வேகம். உடைசல் 3 ஆனது, பிரித்த பெட்டியில் 2 டைல்ஸ் மிஞ்சியது, பிரிக்காத ஒரு பெட்டி பரணில் இருக்கிறது.